வண்டி சர்வீஸ் தேதியைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் ஷீட்

சர்வீஸ் புத்தகத்தில் "10,000 கிமீ அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். மாதக் கணக்கு எளிது, காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் 10,000 கிமீ எந்தத் தேதியில் வரும் என்பது வண்டி ஓடும் வேகத்தைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஷீட் ஒன்றை இப்போது கூகுள் ஷீட்ஸில் செய்வோம். எக்ஸெலிலும் இதே ஃபார்முலாக்கள்தான்.

முதல் வரியில் A முதல் G வரை இப்படித் தலைப்பு கொடுங்கள்: வண்டி, கடைசி சர்வீஸ் தேதி, அன்றைய கிமீ, ரீடிங் எடுத்த தேதி, ரீடிங், கிமீ இடைவெளி, மாத இடைவெளி. கடைசி இரண்டுக்கும் உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்களையே போடுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது வரியில் ஒரு காரை வைத்துப் பார்ப்போம். 10-01-2025 அன்று 42,300 கிமீயில் சர்வீஸ் ஆனது. 11-03-2025 அன்று மீட்டரில் 44,700. அதாவது 60 நாளில் 2,400 கிமீ, நாளுக்கு 40. இடைவெளி 10,000 கிமீ, 12 மாதம்.

H2-வில் மாதக் கணக்குப்படி வரும் தேதி:

```
=EDATE(B2,G2)
```

I2-வில் கிமீ கணக்குப்படி வரும் தேதி:

```
=IF(E2<C2,"ரீடிங் தவறு",IF(OR(D2-B2<15,E2=C2),H2,B2+F2*(D2-B2)/(E2-C2)))
```

பார்க்க நீளமாக இருந்தாலும் முக்கியமான கணக்கு கடைசித் துண்டில்தான் இருக்கிறது. நாளுக்கு 40 கிமீ என்றால் 10,000 கிமீ ஓட 250 நாள். அதை சர்வீஸ் தேதியோடு கூட்டினால் 17-09-2025. சர்வீஸ் முடிந்து 15 நாள் ஆகும்வரை சராசரியை நம்ப முடியாது, ஒரே ஒரு வெளியூர்ப் பயணம் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் அதுவரை மாதக் கணக்கையே காட்டச் சொல்லியிருக்கிறோம். மொத்த கிமீக்குப் பதில் ட்ரிப் மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டால் "ரீடிங் தவறு" என்று வரும்.

J2-வில் இரண்டில் முந்தியது, K2-வில் மீதி நாள்:

```
=MIN(H2,I2)
=J2-TODAY()
```

I2-வில் தேதிக்குப் பதில் 45917 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஷீட் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கும். `Format → Number → Date` கொடுத்தால் 17-09-2025 ஆகிவிடும். மாறாக, K2-வுக்குத் தேதி வடிவம் ஒட்டிக்கொண்டால் அதை `Number` ஆக்குங்கள். நீங்கள் டைப் செய்த தேதி செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால், ஷீட் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது. `File → Settings` போய் `Locale`-ஐ இந்தியா என்று மாற்றிவிட்டு மறுபடி டைப் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் 11-03 மார்ச் 11-ஆக இல்லாமல் நவம்பர் 3-ஆகவும் போய்விடக்கூடும், அது கண்ணுக்கே தெரியாது.

இப்போது அப்பாவின் ஸ்கூட்டரை மூன்றாவது வரியில் சேர்த்தேன். அதே 10-01-2025-இல் 8,150 கிமீ, 11-03-2025-இல் 8,450. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் போகும், நாளுக்கு 5 கிமீ. இடைவெளி 3,000 கிமீ, 6 மாதம். கிமீயை மட்டும் நம்பினால் சர்வீஸ் 02-09-2026-க்குத் தள்ளிப்போகும். ஆனால் J3 சரியாக 10-07-2025 என்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடாகாமலே அணைகிறது, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது D பத்தியைப் பற்றி. அங்கே `=TODAY()` போட்டால் வசதிதானே என்று தோன்றும். போடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் போட்டிருந்தேன், சர்வீஸ் தேதி வாரத்துக்கு வாரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காரணம் இதுதான்: ரீடிங் 44,700-இலேயே நிற்கிறது, நாள் மட்டும் ஓடுகிறது. 10-05-2025 அன்று ஷீட் 120 நாளில் 2,400 கிமீ, நாளுக்கு 20 என்று கணக்குப் போடும். கிமீ தேதி 25-05-2026 ஆகிவிடும், J2 மாதக் கணக்குக்கு மாறி 10-01-2026 என்று காட்டும். வண்டியோ உண்மையில் 40 கிமீ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே மீட்டரைப் பார்க்கும் அன்றைக்கு மட்டும் D-யில் `Ctrl + ;` அழுத்தி அன்றைய தேதியைப் பதியுங்கள், E-யில் ரீடிங்கை எழுதுங்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

அப்புறம் K பத்திக்கு நிறம். `Format → Conditional formatting` போய், 15-க்குக் குறைவு என்றால் மஞ்சள், 0-க்குக் குறைவு என்றால் சிவப்பு. சிவப்பு விதியை மேலே வையுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் அதை மறைத்துவிடும்.

சர்வீஸ் முடிந்து வந்ததும் B, C, D, E நான்கையும் மாற்றுங்கள். 52,300-இல் விட வேண்டிய வண்டியை 53,100-இல்தான் விட்டீர்கள் என்றால் C-யில் 53,100 என்றே எழுதுங்கள். அடுத்த 10,000 அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய எண்களை அழிப்பதற்கு முன் இன்னொரு தாளில் ஒட்டி வைத்துவிடுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.