கடன் வாங்கித் தொழிலை விரிக்கும் முன் ஒரு கணக்கு

தொழிலில் மொத்த முதலீடு 100 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 உங்கள் பணம், 60 கடன். வட்டி 10 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 6 லட்சம்.

வட்டிக்கு முன் 15 லட்சம் லாபம் வந்தால், வட்டி போக 9 மிஞ்சும். உங்கள் 40-க்கு இது 22.5 சதவீதம். கடனே இல்லாமல் 100-ம் சொந்தப் பணமாக இருந்தால் 15 சதவீதம்தான். சரி, வியாபாரம் படுத்து 5 லட்சம் நஷ்டம் வந்தால்? வட்டியோடு 11 லட்சம் போகும். உங்கள் பணத்தில் 27.5 சதவீதம் ஒரே ஆண்டில் காலி. கடன் இல்லாதவருக்கு 5 சதவீதம்தான் இழப்பு.

எல்லைக்கோடு வட்டி விகிதம்தான். மொத்த முதலீட்டின் மீது வட்டிக்கு முந்தைய லாபம் 10 சதவீதத்தைத் தாண்டினால் கடன் உங்கள் லாப விகிதத்தைக் கூட்டும், குறைந்தால் அரிக்கும். 5 லட்சம் லாபம் வந்தாலும் வட்டி கட்டியபின் 1 லட்சம் கைநஷ்டம்!

பலர் நல்ல ஆண்டின் லாபத்தை வைத்தே கடன் அளவை முடிவு செய்கிறார்கள். அது ஆபத்து. கடந்த சில ஆண்டுகளில் மிக மோசமான ஆண்டின் வட்டிக்கு முந்தைய லாபத்தை எடுத்து, ஓர் ஆண்டு வட்டியால் வகுத்துப் பாருங்கள். விடை 1-க்குக் கீழே போனால் கடனைக் குறையுங்கள். அப்புறம், அசல் தவணை இந்தக் கணக்கில் வராது. அதற்கும் ரொக்கம் தனியே வேண்டும்.