வாலட்டும் கார்டும் சேர்ந்து கட்டிய ஆர்டரா? ரீஃபண்டு இரண்டாகத்தான் வரும்

கும்பகோணத்தில் இருந்து 2,000 ரூபாய்க்கு இரண்டு புடவை ஆர்டர் செய்கிறீர்கள். வாலட்டில் இருந்த 500 கழிந்து, மீதி 1,500 கார்டில் போகிறது. 800 ரூபாய்ப் புடவையை மட்டும் திருப்பி அனுப்பினால், மறுநாளே வாலட்டில் 200 ஏறி நிற்கும். 'பாக்கி 600 எங்கே?' என்று பதறத் தேவையில்லை. கட்டிய விகிதத்திலேயே, அதாவது நாலில் ஒரு பங்கு வாலட்டுக்கும் மூன்று பங்கு கார்டுக்கும் பிரித்திருக்கிறார்கள். சில ஆப்களில் வாலட் பணம் 500 முழுதும் முதலில் திரும்பும், கார்டுக்கு 300தான் போகும். எந்த வழியானாலும் கூட்டினால் 800 வர வேண்டும். ஆர்டர் பக்கத்தின் ரீஃபண்டு விவரத்தில் இந்த இரண்டு வரியும் தனித்தனியே இருக்கும்.

வாலட் ஆப் நிறுவனத்தின் கையிலேயே இருப்பதால் அந்தப் பங்கு உடனே ஏறிவிடும். கார்டுப் பங்கு வங்கி வழியாகச் சுற்றி வருவதால் பொதுவாக ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும். பொங்கல் விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் இழுக்கும். அதற்கும் மேல் போனால் கஸ்டமர் கேரில் அந்த ரீஃபண்டுக்கு உரிய ஏ.ஆர்.என். என்ற அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 23 இலக்கம் கொண்ட அந்த எண்ணைக் காட்டினால், கார்டு கொடுத்த வங்கியால் பணத்தைத் தேட முடியும். வெறும் ஆர்டர் எண்ணோடு போனால் கவுன்ட்டரில் கைவிரித்துவிடுவார்கள்.