புதியவரின் ரேட்டிங்: சின்ன ஆன்லைன் விளையாட்டில் எலோ தடம் புரளும் இடங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் தங்கி வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் இணையத்தில் பல்லாங்குழி ஆடும் தளம் ஒன்றை நடத்துகிறார்கள். மொத்தம் சில நூறு பேர்தான் ஆடுகிறார்கள். தரவரிசைக்கு எலோ முறையைப் போட்டிருந்தார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை அது. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு 1970 முதல் அதைப் பயன்படுத்துகிறது. தளம் தொடங்கிக் கொஞ்ச நாளில் பழைய ஆட்டக்காரர் ஒருவர், "அண்ணா, நேத்து வந்த பொண்ணுகிட்ட தோத்து 16 புள்ளி போச்சு. அவங்க என்னைவிட நாலு மடங்கு நல்லா ஆடுறாங்க, ஆனா பட்டியல்ல எனக்குச் சமமா இருந்தாங்க" என்று குறைப்பட்டார். அவர் சொன்னது நியாயம்தான். இந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு போனால் சின்னத் தளங்கள் செய்யும் தவறுகளில் பாதி வெளியே வந்துவிடும்.

எலோவின் கணக்கு எளிது. இருவரின் ரேட்டிங் வித்தியாசத்திலிருந்து, ஒருவர் எவ்வளவு எடுப்பார் என்ற எதிர்பார்ப்பு வருகிறது. வித்தியாசம் 0 என்றால் 0.5. வித்தியாசம் 400 என்றால் பலமானவருக்கு ஏறக்குறைய 0.91. ஆட்டம் முடிந்ததும், கிடைத்த முடிவிலிருந்து (வெற்றி 1, சமன் 0.5, தோல்வி 0) எதிர்பார்ப்பைக் கழித்து, K என்ற எண்ணால் பெருக்கி ரேட்டிங்கில் சேர்க்கிறோம். பல தளங்களைப் போல இவர்களும் எல்லோருக்கும் K-ஐ 32 என்று வைத்து, புதியவர்களை 1200-இல் தொடங்கினார்கள்.

முதல் தவறு இங்கேயே இருக்கிறது. பழையவரின் 1200 பல ஆட்டங்கள் சேர்ந்து தந்த எண். புதியவரின் 1200 நாம் வைத்த வெறும் ஊகம். இரண்டையும் ஒரே K-யால் நகர்த்தக் கூடாது. புதிதாக வந்த பெண்ணின் உண்மையான பலம் 1600 என்று வைத்துக்கொள்வோம். தன் அப்போதைய ரேட்டிங்குக்குச் சமமான பழையவர்களோடு அவர் மோதினால், 1200-இல் இருக்கும்போது ஆட்டத்துக்குச் சராசரியாக 13 புள்ளி ஏறுவார். 1400-ஐத் தொடும்போது 8 ஆகும், 1500-இல் நாலரைதான். 1500-க்கு வரவே முப்பது ஆட்டத்துக்கு மேல் ஆகிவிடும். வாரம் நாலைந்து ஆட்டம் ஆடும் ஒருவருக்கு இது ஏழெட்டு வாரம். அதுவரை அவரோடு மோதுகிறவர்கள் எல்லோரும் தவறான எதிராளியோடு மோதுகிறார்கள். சதுரங்கக் கூட்டமைப்பு புதியவர்களுக்கு முதல் 30 ஆட்டம் முடியும்வரை K-ஐ 40 என்றும், அப்புறம் 20 என்றும், 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10 என்றும் வைத்திருப்பது இதனால்தான். சின்னத் தளத்தில் ஆட்டங்களே குறைவு. முதல் பத்து ஆட்டத்துக்கு 80 வரை போகலாம், அப்புறம் படிப்படியாக 24-க்கோ 32-க்கோ இறக்கலாம்.

பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய ஆட்டக்காரரின் 16 புள்ளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எதிராளியின் எண் ஊகம் என்றால், அவரிடம் தோற்றது பழையவரைப் பற்றி நமக்குச் சொல்வது குறைவு. அதனால் புதியவரோடு மோதும் ஆட்டத்தில் பழையவரின் K-ஐயும் குறைக்க வேண்டும். 8 வைத்தால் அவர் இழப்பது 4 புள்ளி. மார்க் கிளிக்மன் 1995-இல் வெளியிட்ட கிளிக்கோ முறையின் அடிப்படையே இந்த எண்ணம்தான். அதில் ஒவ்வொரு ரேட்டிங்கோடும் அதன் நிச்சயமின்மைக்கு ஓர் எண் உண்டு. எதிராளியின் நிச்சயமின்மை கூடினால் அந்த ஆட்டத்தின் எடை குறையும். முழு கிளிக்கோ போட முடியாவிட்டாலும் இரண்டு K-க்கள் வைப்பது எவருக்கும் முடியும்.

இதே திருத்தம் இன்னொரு நோயையும் தடுக்கும். வருகிறவர்களில் பலர் பலவீனமானவர்கள். ஐந்தாறு ஆட்டம் தோற்றுவிட்டு வராமல் போய்விடுவார்கள். ஒரே K என்றால் அவர்கள் இழந்த புள்ளிகள் இருப்பவர்களிடமே தங்கிவிடும். யாருடைய ஆட்டமும் மேம்படாமலே பழையவர்களின் சராசரி மாதாமாதம் ஏறும். பழையவரின் K 8 என்றால் அந்தக் கசிவு நாலில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது, புதியவரின் இடத்தைக் கண்டறிய வைக்கும் முதல் சில ஆட்டங்களுக்கு, அதாவது பிளேஸ்மென்ட் ஆட்டங்களுக்கு, எதிராளியைத் தேர்ந்தெடுப்பது. புதியவரை எப்போதும் 1200 காரர்களோடேயே மோதவிட்டால், பலமானவர் எவ்வளவு பலமானவர் என்று தெரியவே வராது. ஜெயிக்க ஜெயிக்க எதிராளியை ரேட்டிங்கைவிட வேகமாக மேலே கொண்டுபோக வேண்டும். அதே பெண்ணை K 80-இல் வைத்துப் பார்ப்போம். முதலில் 1200 காரரை வென்று 1240. அடுத்து 1350 காரரை வென்றால் 52 புள்ளி கூடி 1292. அடுத்து 1500 காரரை வென்றால் 61 கூடி 1353. நாலாவதாக 1600 காரரிடம் தோற்றால் போவது வெறும் 16 புள்ளி, வென்றிருந்தால் 64 வந்திருக்கும். நாலு ஆட்டத்திலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இப்போதும் எண் 1337-இல்தான் இருக்கிறது என்பதால் பத்து ஆட்டம் முடியும்வரை அதைப் பட்டியலில் காட்டாமல் இருப்பது நல்லது.

எந்த K-யாலும் சரிசெய்ய முடியாத சிக்கல் ஒன்று உண்டு. ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்திலிருந்து பதினைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து, மதிய இடைவேளையில் தங்களுக்குள் மட்டுமே ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எவர் பலமானவர் என்பது சரியாக வரும். ஆனால் கூட்டத்தின் சராசரி 1200-ஐ விட்டு நகராது. எல்லோரும் கற்றுக்குட்டிகளாக இருந்தாலும் அப்படித்தான், எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கூட்டத்தின் 1350-ஐயும் வெளியே இருப்பவரின் 1350-ஐயும் ஒப்பிட அடிப்படையே இல்லை. பிளேஸ்மென்ட்டில் பாதி ஆட்டமாவது தன் கூட்டத்துக்கு வெளியே உள்ள பழையவர்களோடு இருக்க வேண்டும் என்று விதி வைப்பதுதான் வழி. இரவு ஒன்பது மணிக்கு இருபது பேர்கூட இல்லாத தளத்தில் அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும். தாமதத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நிரலில் அடிக்கடி வரும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாமவரின் ரேட்டிங்கை மாற்றிவிட்டு, அந்தப் புதிய எண்ணை வைத்து இரண்டாமவருக்குக் கணக்குப் போடுவது. இருவரும் 1200 என்றால் வென்றவருக்கு 16 கூடும், தோற்றவருக்கு 15.3தான் குறையும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்தச் சின்னக் கசிவு சேர்ந்துகொண்டே போகும். எதிர்பார்ப்பை ஒரே தடவை, பழைய எண்களிலிருந்து எடுக்க வேண்டும்:

```
ea = 1 / (1 + 10 ** ((rb - ra) / 400))
da = ka * (sa - ea)
db = kb * (ea - sa)
ra, rb = ra + da, rb + db
```

`ka`, `kb` இரண்டும் சமமாக இருக்கும் ஆட்டங்களில் `da + db` பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் பிழை இருக்கிறது.

திருத்தங்கள் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு சர்வர் கணித்த எதிர்பார்ப்பைச் சேமித்து வையுங்கள். ஆட்டங்களைப் பலமானவரின் எதிர்பார்ப்பின்படி பிரியுங்கள்: 0.5 முதல் 0.6, 0.6 முதல் 0.7 என்று. 0.7-க்கும் 0.8-க்கும் இடைப்பட்ட பிரிவில் அவர்கள் எடுத்த சராசரி 0.75-க்கு அருகில் வந்தால் சரி. 0.6-தான் வருகிறது என்றால் ரேட்டிங்குகள் அளவுக்கு மீறி விலகிக் கிடக்கின்றன, பெரும்பாலும் K அதிகம். 0.85 வந்தால் இன்னும் போதுமான அளவு பிரியவில்லை. புதியவர்கள் கலந்த ஆட்டங்களைத் தனியாகவும், பழையவர்கள் மட்டும் ஆடியவற்றைத் தனியாகவும் பார்க்க வேண்டும். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் புதியவர்களின் பிழை பழையவர்களின் எண்ணிக்கையில் மறைந்துவிடும். ஒரு பிரிவில் நூறு ஆட்டம்கூட இல்லையென்றால் K-ஐத் தொடாமல் இன்னும் ஆட்டங்கள் சேரட்டும் என்று விட்டுவிடுங்கள்.