மூன்று லீக்ஸ் பைகளுக்கு மா, பட்டர், தண்ணீர் கணக்கு

தட்டில் மாவை விரித்து, உள்ளே லீக்ஸ் வைத்துச் சுடும் பை செய்வதற்கு மாவைக் கோப்பையால் அளக்காதீர்கள். தளர்வாக அள்ளிப் போட்ட ஒரு கோப்பை கோதுமை மா 120 கிராம் அளவில் இருக்கும். அதையே அழுத்தி நிரப்பினால் 150 கிராம் வரை போகும். ஒரு பைக்கு இந்த வித்தியாசம் சமாளிக்கக்கூடியதுதான். மூன்று பைகளுக்குச் சேர்த்துப் பிசையும்போது அது பெரிய தவறாகிவிடும். ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

நினைவில் வைக்க வேண்டியது ஒரே கணக்கு: எடையில் 3 பங்கு மா, 2 பங்கு பட்டர், 1 பங்கு தண்ணீர். மொத்தம் 6 பங்கு. எவ்வளவு மாக்கலவை வேண்டுமோ அதை ஆறால் வகுத்தால் ஒரு பங்கு கிடைக்கும்.

நுவரெலியாவில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் மலிவாகக் கிடைக்கும் நாளில், மேலே மூடி வைத்த மூன்று பைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். தட்டு 20 சென்ரிமீற்றர். அடிக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று என்று விரித்த மாத் தகடுகள் ஆறு வேண்டும். 23 சென்ரிமீற்றர் தட்டுக்கு ஒரு தகடு ஏறத்தாழ 300 கிராம் பிடிக்கும். நம்முடைய தட்டு சிறியது. இங்கே விட்டத்தை மட்டும் பார்த்துக் குறைக்கக் கூடாது, பரப்பைப் பார்க்க வேண்டும். 20ஐ 20ஆல் பெருக்கினால் 400, 23ஐ 23ஆல் பெருக்கினால் 529. 400ஐ 529ஆல் வகுத்தால் முக்காலுக்குச் சற்றே மேல். ஆகவே ஒரு தகட்டுக்கு 230 கிராம். ஆறுக்கு 1380. ஓரம் வெட்டும்போது போகிறதற்குக் கொஞ்சம் சேர்த்து 1440 என்று வைத்தால் கணக்கும் சுலபம்:

1440 ÷ 6 = 240
மா 720 கிராம், பட்டர் 480 கிராம், தண்ணீர் 240 கிராம்

உப்பு இந்த மாவுக்குப் பத்து கிராம் அளவு போதும். உப்பு போட்ட பட்டர் என்றால் பாதியாகக் குறையுங்கள்.

இனிப் பிசைவது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். 720 கிராம் மாவில் பட்டரை விரலால் உதிர்த்து முடிப்பதற்குள் கைச்சூட்டில் அது உருகிவிடும். இரண்டாகப் பிரித்து 360, 240, 120 என்று செய்யுங்கள். நுவரெலியாக் குளிரில் காலையில் பட்டர் தானாகவே கெட்டியாக இருக்கும், கண்டிப் பக்கம் என்றால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே வெட்டிப் போட வேண்டும். மாவுக்குள் பட்டாணி அளவில் பட்டர்த் துண்டுகள் தெரிய வேண்டும். அந்தத் துண்டுகள் அவனில் உருகி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போதுதான் பொறுபொறுப்பான அடுக்கு வருகிறது. முழுவதும் மாவோடு கரைத்துவிட்டால் அடுக்கு வராது.

120 கிராம் குளிர்ந்த தண்ணீரில் முதலில் 90 கிராம் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். பட்டரிலேயே ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது, மழைக்காலத்தில் மாவும் ஈரம் இழுத்திருக்கும். அதனால் மீதி தேவைப்படாமலே போகலாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. உதிர்ந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி. விரலில் பிசுபிசுத்தால் தண்ணீர் கூடிவிட்டது: சுடும்போது ஓரம் தட்டைவிட்டுச் சுருங்கும், கடிக்கவும் கடினமாக இருக்கும். ரொட்டிக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசையக் கூடாது, ஒன்றுசேர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் தராசில், ஊற்றிய தண்ணீரைப் பொறுத்து 230 முதல் 240 கிராம் வீதம் ஆறாக நிறுத்து, தட்டையாக்கி, மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். விரிக்கும்போது ஓரம் வெடித்தால் ஒன்று மா காய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் மிகவும் குளிர்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் வெளியே வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வெடித்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கையை நனைத்துத் தடவி மறுபடி சேர்த்து, இன்னும் சற்று நேரம் வைத்து எடுங்கள்.

மாஜரின் போடுகிறவர்கள் பக்கெற்றில் கொழுப்பின் அளவை வாசியுங்கள். பட்டரில் அது 80 சதவீதத்துக்கு மேல். 60, 70 என்று போட்டிருந்தால் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான். அப்படியானால் ஊற்றும் தண்ணீரைப் பாதியிலிருந்து தொடங்கிக் கைப்பிடிச் சோதனையால் முடிவெடுங்கள். 60 சதவீதத்துக்கும் கீழே இருப்பது இந்த வேலைக்கு உதவாது.

வீட்டில் 200 கிராம் பட்டர்ப் பக்கெற் இரண்டுதான் இருக்கிறது, கடைக்குப் போக வழியில்லை என்றால் கணக்கைப் பட்டரிலிருந்து தொடங்குங்கள். 400ஐ இரண்டால் வகுத்தால் ஒரு பங்கு 200. மா 600, தண்ணீர் 200, மொத்தம் 1200. 230 கிராம் வீதம் ஐந்து தகடுகள் வரும், ஓரத்துக்கு 50 கிராம் மிஞ்சும். அதாவது மூடிய பை இரண்டு, மூடி இல்லாத பை ஒன்று.