70-ஐத் தாண்டும் தமிழ் எஸ்எம்எஸ்: எக்செல் விதியில் நடக்கும் தவறுகள்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பால் சங்கக் கணக்கு பார்க்கிறவர்கள் உறுப்பினர்களுக்குத் தமிழிலேயே எஸ்எம்எஸ் அனுப்ப விரும்புகிறார்கள். நீளமான செய்தி வந்தால் கட்டம் சிவப்பாக வேண்டும் என்று எக்செல்லில் ஒரு விதியும் போடுகிறார்கள். முதல் தவறே அங்கேதான். வரம்பை 160 என்று வைத்துவிடுகிறார்கள். அது ஆங்கிலச் செய்திக்கான கணக்கு. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் வரம்பு 70 ஆகிவிடும். மலையாளத்துக்கும் அதே 70தான். தாண்டினால் அது இரண்டு எஸ்எம்எஸ்.

அடுத்தது, கண்ணால் எண்ணுவது. இந்தச் செய்தியைப் பாருங்கள்:

"கொழிஞ்சாம்பாறை பால் சங்கம்: நாளை காலை பால் பணம் தரப்படும். பாஸ்புக் எடுத்து வரவும்."

நாம் எழுத்தெண்ணிப் படித்தால் இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 53தான். எக்செல்லில் எழுத்தெண்ணும் LEN சொல்வது 83. புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் அதற்குத் தனி எழுத்து. ஊர்ப் பெயரில் நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதினான்கு. LEN தப்பாக எண்ணுகிறது என்று நினைத்து வரம்பைக் கூட்டிவிடாதீர்கள். எஸ்எம்எஸ்ஸும் இப்படித்தான் எண்ணுகிறது, அதனால் இந்த வேலைக்கு LEN சொல்வதே சரி. ஊர்ப் பெயரையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் எடுத்தால் 68, ஒரே எஸ்எம்எஸ்ஸில் போய்விடும்.

சரி, விதிக்கு வருவோம். C2 முதல் C300 வரை மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுத்து, Conditional Formatting, New Rule, Use a formula to determine which cells to format என்று போய் இதை எழுதுங்கள்:

```
=LEN(C2)>70
```

கட்டத்தைச் சுட்டிக் காட்டினால் எக்செல் தானாக $C$2 என்று போட்டுவிடும். அப்படியே விட்டால் எல்லாக் கட்டமும் C2-வையே பார்க்கும். ஒன்று நீளமானால் மொத்தமும் சிவக்கும். தலைப்பையும் சேர்த்து C1-லிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு C2 என்று எழுதினாலோ, நிறம் ஒரு வரி மேலே விழும். C5-ல் வேண்டுமென்றே நீளமாக எதையாவது அடித்துப் பாருங்கள். C4 சிவந்தால் தவறு இதுதான்.

அப்புறம், எந்தப் பத்திக்கு விதி போடுகிறோம் என்பது. பலர் பொதுச் செய்தி இருக்கும் F1-ஐ மட்டும் சோதித்து, 68 என்று பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். அனுப்பும்போது பெயர் சேருகிறதே! "கண்ணன், " என்று முன்னால் வந்தாலே எட்டு கூடி 76. அதனால் பெயரும் செய்தியும் சேர்ந்த வடிவத்தை C பத்தியில் உருவாக்கி, விதியை அதற்கே போடுங்கள்:

```
=B2&", "&$F$1
```

கண்ணனுக்கே இடம் போதவில்லை என்றால் "நாளை காலை" என்பதில் "காலை"யை எடுக்கலாம். இடைவெளியோடு ஐந்து குறைந்து 71. இன்னும் சிவப்புதான். கடைசிப் புள்ளியையும் எடுத்தால் சரியாக 70, நிறம் போய்விடும்.