சின்னச் சின்னப் பங்குகளுக்கு எந்த சார்ட்?

வீட்டு மாதச் செலவைப் 12 தலைப்பாகப் பிரித்து பை சார்ட் போட்டால், வாடகையும் மளிகையும் பாதி வட்டத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் கீற்றுகள். பை சார்ட்டில் 1 சதவீதம் என்பது 3.6 டிகிரிதான். மின்கட்டணம் 5%, பெட்ரோல் 4% என்றால் எது பெரியது என்று கண்ணால் சொல்வது கடினம். நடுவில் ஓட்டை உள்ள டோனட் சார்ட்டில் நடுக்கோணமும் போய்விடுவதால் நிலைமை தேறாது. நடுவில் மொத்தத் தொகையை எழுத இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அதே எண்களைக் கிடைமட்ட பார் சார்ட்டாக, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 5% பட்டை 4% பட்டையைவிடக் கால் பங்கு நீளமாகத் தெரியும். அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் இந்த விகிதமே பொய்யாகிவிடும். 'இதர' செலவு எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் வையுங்கள்.

எக்செலில் பெரியது முதலாக வரிசைப்படுத்தினாலும் சார்ட் தலைகீழாக வரும். செங்குத்து அச்சின் Format Axis-இல் `Categories in reverse order` டிக் செய்தால் சரியாகும்.

பார் சார்ட்டில் 'மொத்தத்தில் இது இவ்வளவு' என்ற உணர்வு குறையும், உண்மைதான். பட்டை நுனியில் சதவீதத்தையும் தலைப்பில் மொத்தத் தொகையையும் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று பங்குகள் மட்டுமே இருந்தால் பை சார்ட்டே போதும்.