பிய்த்தெடுக்கும் கைக்கு எந்தப் புத்தகம்?

ஒன்பது மாத மகளுக்குப் புத்தகம் என்றால் பிடி, இழு, வாயில் வை. கெட்டி அட்டைப் பக்கங்கள் தாங்கின; திறந்து மூடும் மடல்கள்தான் பிய்ந்து வந்தன. பிய்ந்ததை எடுத்துப் பார்த்தால், மடல் மட்டும் வெறும் தடித்த தாள். அவளுக்கு இன்னும் விரல் நுனியால் பதமாகத் தூக்க வராது. முழுக் கையால் கவ்வித் தன் பக்கம் இழுப்பாள். பலமெல்லாம் மடிப்புக் கோட்டில் விழும்.

அதனால் ஃபெல்ட் துணி மடல் உள்ள புத்தகத்துக்கு மாறினேன். துணியின் ஓரம் இரண்டு அட்டை அடுக்குகளுக்கு நடுவே செருகி ஒட்டியிருக்க வேண்டும். மேலே ஒட்டியிருந்தால் வேண்டாம். மடிப்பே இல்லாததால் எந்தப் பக்கம் முறுக்கினாலும் வளைந்து கொடுக்கிறது. பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய மடல் போதும்.

தொட்டுப் பார்க்கும் பகுதிக்கும் இதே கணக்குதான். அட்டையில் ஓட்டை வெட்டி, பின்னாலிருந்து துணி வைத்திருந்தால் நகத்துக்கு ஓரம் சிக்காது. வாங்கும்போது விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். கொஞ்சம் தூக்கினாலும் திருப்பி வைத்துவிடுவேன். நீள முடியுள்ள ரோமத் துணியும் வேண்டாம், இழை வாய்க்குள் போகிறது. (பளபளக் கண்ணாடித் தாள்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது!)

பழைய புத்தகத்தில் டேப் ஒட்டவில்லை. ஈரம் பட்டால் அதன் நுனி கிளம்பும், அதையும் மெல்லுவாள். ஆடிய மடல்களை அடியோடு வெட்டி எடுத்தேன். அட்டை மூலை ஊறிக் கூழானால் அந்தப் புத்தகத்தையே ஒதுக்கிவிடுகிறேன்.